ஐ.சி.யூ. மருந்துக் கணக்கு: தானே போட்டு, தானே சரிபார்ப்பது எப்படி?

"சிஸ்டர், மதுரையில் பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். டிரிப் கணக்கு, மாத்திரைக் கணக்கு எல்லாம் வருகிறது. மைக்ரோகிராம், கிலோ, நிமிடம் மூன்றும் சேர்ந்து வந்தால் மட்டும் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விடை வருகிறது. எது சரி என்றே தெரிவதில்லை. அடுத்து ஐ.சி.யூ. போஸ்டிங். நானே படித்து நானே சரிபார்த்துக்கொள்கிற மாதிரி ஒரு பாடமாகச் சொல்லித் தருவீர்களா?"

தங்கச்சி, மனப்பாடம் செய்து வைத்திருக்கும் சூத்திரத்தை முதலில் மூடி வை. மேலே 60, கீழே 1000 என்று படித்தவர்களுக்குப் பரீட்சை அறையில் மேல் கீழாகவும் கீழ் மேலாகவும் போய்விடும். போனது அவர்களுக்கே தெரியாது. ஒவ்வொரு வரியிலும் எண்ணுக்குப் பக்கத்தில் அலகை எழுதிக்கொண்டு போனால் சூத்திரமே தேவைப்படாது. ஒரே ஒரு கேஸை எடுத்துக்கொண்டு கடைசிவரை போவோம். அதில் எங்கெங்கே தப்பு நடக்கும், நடந்தால் விடை எப்படித் தெரியும் என்பதையும் பார்ப்போம். என் அனுபவத்தில் மாணவிகள் இந்த இரண்டாவது பகுதியைப் படிப்பதே இல்லை. உன் சிக்கலும் அங்கேதான் இருக்கிறது.

மேலூர்ப் பக்கமிருந்து ஒரு அம்மாவை இரத்த அழுத்தம் குறைந்த நிலையில் கொண்டு வருகிறார்கள் என்று வை. எடை 48 கிலோ. டாக்டர் டோபமின், கிலோவுக்கு நிமிடத்துக்கு 5 மைக்ரோகிராம் என்று எழுதுகிறார். உன் கையில் இருப்பது 5 எம்.எல். ஆம்பியூல், அதில் 200 மில்லிகிராம் டோபமின். 50 எம்.எல். சிரிஞ்சில் ஏற்றி சிரிஞ்ச் பம்பில் போட வேண்டும். பம்பின் திரை உன்னிடம் கேட்கும் எண் `mL/h`, அதாவது மணிக்கு எத்தனை எம்.எல். என்பது.

டாக்டர் எழுதியதும் பம்ப் கேட்பதும் முற்றிலும் வேறு அலகுகள். ஒன்று மருந்தின் எடை, மற்றொன்று திரவத்தின் அளவு. மாட்டுத்தாவணியில் மல்லிகையைக் கிலோ கணக்கில் வாங்கி, தெருவில் முழம் கணக்கில் விற்கிறவர், கட்டு எவ்வளவு நெருக்கம் என்று தெரியாமல் ஒரு கிலோவுக்கு எத்தனை முழம் வரும் என்று சொல்ல முடியாது. இங்கே அந்த நெருக்கம்தான் செறிவு, ஒரு எம்.எல்.லில் எத்தனை மில்லிகிராம் என்பது. அதனால் எந்தக் கணக்கானாலும் செறிவை முதல் வரியிலேயே கண்டுபிடித்து, பெட்டி போட்டு எழுதி வைத்துவிடு.

நம் சிரிஞ்சில் 5 எம்.எல். மருந்து, 45 எம்.எல். நார்மல் சலைன், மொத்தம் 50. 200 மில்லிகிராமை 50 ஆல் வகுத்தால் எம்.எல்.லுக்கு 4 மில்லிகிராம். இனி வரிவரியாகப் போகலாம்.

```
5 மைக்ரோகிராம் × 48 கிலோ  = நிமிடத்துக்கு 240 மைக்ரோகிராம்
240 × 60                  = மணிக்கு 14,400 மைக்ரோகிராம்
14,400 ÷ 1000             = மணிக்கு 14.4 மில்லிகிராம்
14.4 ÷ 4                  = மணிக்கு 3.6 எம்.எல்.
```

நான்கு வரியில் ஒவ்வொன்றும் ஒரே ஒரு வேலையைத்தான் செய்கிறது. முதல் வரியில் கிலோ போகிறது, இரண்டாவதில் நிமிடம் மணியாகிறது, மூன்றாவதில் மைக்ரோகிராம் மில்லிகிராமாகிறது, நான்காவதில் எடை திரவ அளவாகிறது. இரண்டு வேலையை ஒரே வரியில் செய்யாதே. ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விடை வருவதற்கு அனேகமாக அதுதான் காரணம்.

இனி சரிபார்ப்பு. இதற்கு நான் சொல்லித் தரும் முதல் கேள்வி, "இந்த சிரிஞ்ச் எத்தனை மணி நேரம் ஓடும்?" என்பது. 50 ஐ 3.6 ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 14 மணி நேரம். ஒரு நைட் ட்யூட்டியைத் தாண்டிக் கொஞ்சம் ஓடும், நம்பக்கூடிய எண்தான். இப்போது வேண்டுமென்றே தப்பு செய்து பார். 1000 ஆல் வகுக்க மறந்தால் விடை 3600 எம்.எல். வரும், அதாவது சிரிஞ்ச் 50 விநாடியில் காலி. 60 ஆல் பெருக்க மறந்தால் 0.06 எம்.எல்., அதே சிரிஞ்ச் ஒரு மாதத்துக்கு மேல் ஓடும். எடையை விட்டுவிட்டால் 0.075 எம்.எல்., அதுவும் கிட்டத்தட்ட 28 நாள். அலகு மாற்றத்தில் விழும் தப்புகள் 60 மடங்கு, 1000 மடங்கு என்று பெரிதாகத்தான் விழும். அதனால் இந்த ஒரு கேள்விக்கே மாட்டிக்கொள்ளும். கால்குலேட்டர் கூட வேண்டாம், மனக்கணக்கே போதும்.

உன் நோட்டில் இதற்கென்று ஒரு பக்கம் ஒதுக்கு. ஒரு கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டு, அதே கணக்கை 1000 இல்லாமல், 60 இல்லாமல், எடை இல்லாமல் மூன்று தடவை தப்பாகப் போடு. ஒவ்வொன்றுக்கும் சிரிஞ்ச் எவ்வளவு நேரம் ஓடும் என்று பக்கத்தில் எழுது. நான்கைந்து கணக்கு இப்படிப் போட்டபின், 0.06 என்ற எண்ணைப் பார்த்ததுமே "அறுபது விட்டுப்போச்சு" என்று உனக்கே தோன்ற ஆரம்பிக்கும்.

இப்போது கடினமான இடத்துக்கு வருகிறேன். பெரிய தப்பு தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும், ஆனால் சின்னத் தப்பு அப்படி இல்லை. சிரிஞ்சில் முதலில் 50 எம்.எல். சலைனை நிரப்பிவிட்டு அதன்மேல் 5 எம்.எல். மருந்தைச் சேர்ப்பது வார்டுகளில் சாதாரணமாக நடக்கிறது. 50 எம்.எல். என்று சொல்லப்படும் சிரிஞ்சில் 55 கொள்ளும் என்பதால் யாருக்கும் உறுத்தாது. அப்போது செறிவு 4 இல்லை, 200 ஐ 55 ஆல் வகுத்து 3.6 மில்லிகிராம்தான். பம்பில் மணிக்கு 3.6 எம்.எல். என்று போட்டிருந்தாலும் அந்த அம்மாவுக்குப் போவது 4.5 மைக்ரோகிராம். பத்தில் ஒரு பங்கு குறைவு. அதனால்தான் "45 சலைன், 5 மருந்து" என்று இரண்டையும் தனித்தனியே சொல்லிக்கொண்டு ஏற்று என்கிறேன்.

இதைவிடப் பெரியது, டபுள் ஸ்ட்ரெங்த். திரவம் அதிகம் போகக் கூடாத நோயாளிக்கு இரண்டு ஆம்பியூல், 400 மில்லிகிராமை அதே 50 எம்.எல்.லில் ஏற்றியிருப்பார்கள். செறிவு இப்போது 8. முந்தைய ட்யூட்டியில் ஏற்றியது இதுதான் என்று தெரியாமல் நீ 4 என்று வைத்துக் கணக்குப் போட்டால் உன் நோட்டில் எல்லாம் சரியாக இருக்கும். நான்கு வரியும் சரி, 14 மணி நேரமும் சரி. ஆனால் போவது 5 இல்லை, 10 மைக்ரோகிராம். நோட்டை எத்தனை முறை திரும்பப் பார்த்தாலும் இந்தத் தப்பு அகப்படாது, ஏனென்றால் அது நோட்டில் இல்லை.

ஆகவே இரண்டாவது சரிபார்ப்பை நோட்டிலிருந்து தொடங்காதே, பம்பிலிருந்து தொடங்கு. திரையில் ஓடும் எண்ணைப் படி. சிரிஞ்சில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படி. மருந்தின் பெயர், மொத்த மில்லிகிராம், மொத்த எம்.எல்., ஏற்றிய நேரம், ஏற்றியவர் கையெழுத்து எல்லாம் அதில் இருக்க வேண்டும். லேபிள் இல்லாத சிரிஞ்சை வைத்துக் கணக்குப் போடவே கூடாது. சீனியரைக் கேள், தேவைப்பட்டால் புதிதாக ஏற்ற வேண்டியதுதான். ஓடிக்கொண்டிருக்கும் டோபமினை நீயாக நிறுத்திவிடாதே. புது சிரிஞ்ச் தயாராகும்வரை எப்படி நடத்துவது என்பதை ட்யூட்டி டாக்டரும் சீனியரும் சொல்வார்கள். நிறுத்தினால் சில நிமிடத்திலேயே அழுத்தம் விழும்.

லேபிளைப் படித்ததும் அதே நான்கு வரியைக் கீழிருந்து மேலாக ஏறு.

```
3.6 எம்.எல். × 4      = மணிக்கு 14.4 மில்லிகிராம்
14.4 × 1000           = மணிக்கு 14,400 மைக்ரோகிராம்
14,400 ÷ 60           = நிமிடத்துக்கு 240 மைக்ரோகிராம்
240 ÷ 48 கிலோ         = கிலோவுக்கு நிமிடத்துக்கு 5 மைக்ரோகிராம்
```

கடைசியில் வந்த 5 ஐ கேஸ் ஷீட்டில் டாக்டர் எழுதியதோடு ஒப்பிடு. ரவுண்ட்ஸில் டாக்டர் "டோபமின் எவ்வளவு போகுது?" என்று கேட்கும்போது அவர் எதிர்பார்ப்பதும் இந்தக் கீழிருந்து மேல் கணக்கைத்தான். "3.6 போகுது சார்" என்று மட்டும் சொன்னால் அதில் தகவலே இல்லை, செறிவும் எடையும் தெரியாமல் அந்த எண்ணுக்கு அர்த்தம் கிடையாது. சுருக்குவழி ஒன்றும் உண்டு. இந்த அம்மாவுக்கு இந்த சிரிஞ்சில் 1 மைக்ரோகிராம் என்பது மணிக்கு 0.72 எம்.எல். (3.6 ஐ 5 ஆல் வகுத்தது). டோஸை 8 ஆக ஏற்றச் சொன்னால் 0.72 ஐ 8 ஆல் பெருக்கு, 5.76 வரும். படுக்கைக்குப் பக்கத்தில் அந்த 0.72 ஐ எழுதி வைக்கிறவர்கள் உண்டு. நல்ல பழக்கம்தான், ஆனால் சிரிஞ்சின் செறிவு மாறினால் அந்தச் சீட்டை அந்த நிமிடமே கிழித்துவிட வேண்டும்.

எடையைப் பற்றி ஒரு வார்த்தை. ஆம்புலன்ஸில் வருகிறவர்களை யாரும் நிறுத்துப் பார்ப்பதில்லை. கூட வந்தவர் "ஒரு அறுபது இருக்கும்" என்பார். 48 கிலோ ஆளுக்கு 60 என்று போட்டால் 3.6க்குப் பதில் 4.5 எம்.எல். ஓடும், உண்மையில் போவது 6.25 மைக்ரோகிராம். டோபமினை அழுத்தத்தைப் பார்த்து ஏற்றி இறக்குவதால் இது சமாளிக்கக்கூடியது. எல்லா மருந்துக்கும் அப்படிச் சொல்ல முடியாது. எந்த எடையை வைத்துப் போட்டோம், அது நிறுத்ததா, உத்தேசமா என்பதைக் கேஸ் ஷீட்டில் எழுதிவிடு. அடுத்த ட்யூட்டிக்காரர் வேறு எடையை வைத்துக் கணக்குப் போட்டுக் குழம்ப வேண்டியிருக்காது.

கணக்கு ஒன்றை மட்டும் சொல்லாது: அந்த டோஸ் அந்த மருந்துக்குப் பொருத்தமா என்பதை. டோபமின் பொதுவாகக் கிலோவுக்கு நிமிடத்துக்கு 5 முதல் 20 மைக்ரோகிராம் வரைக்குள் போகும். கீழிருந்து மேலாக ஏறி வந்த எண் 50 என்றால் கணக்கு சரியாக இருந்தாலும் கையை எடுத்துவிட்டுக் கேட்க வேண்டும். கேஸ் ஷீட்டில் 5.0 என்று எழுதி, புள்ளி மங்கிப்போய் 50 ஆகத் தெரிந்திருக்கலாம். அதனால்தான் முழு எண்ணுக்குப் பின்னால் புள்ளியும் பூஜ்யமும் போடக் கூடாது, ஒன்றுக்குக் குறைவான எண்ணுக்கு முன்னால் பூஜ்யம் கட்டாயம் போட வேண்டும் என்று சொல்லித் தருகிறோம். மைக்ரோகிராமை `µg` என்று கையால் எழுதினால் `mg` போலத் தெரிந்து 1000 மடங்கு மாறிவிடும். `mcg` என்று எழுது.

நார்அட்ரினலினுக்கும் இதே நான்கு வரிதான். இன்று செப்டிக் ஷாக்கில் முதலில் எடுப்பது அதைத்தான். அப்படியும் படிக்க டோபமினை எடுத்ததற்குக் காரணம் உண்டு. நார்அட்ரினலின் ஆம்பியூலில் பைடார்ட்ரேட் உப்பின் எடை ஒன்று, அதற்குள் இருக்கும் நார்அட்ரினலினின் எடை இன்னொன்று, இரண்டும் அச்சிட்டிருக்கும். 2 மில்லிகிராம் உப்புக்கு 1 மில்லிகிராம் நார்அட்ரினலின். எதை வைத்துக் கணக்கு என்பதை அந்த யூனிட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் தொடங்கினால் டோஸ் இரட்டிப்பாகும் அல்லது பாதியாகும்.

அடுத்து இன்சுலின், ஏனென்றால் அங்கே அலகு மாற்றமே சூத்திரத்தில் இல்லை, சிரிஞ்சில் இருக்கிறது. நம் ஊர் மருந்துக் கடையிலும் வார்டிலும் கிடைக்கும் இன்சுலின் வயல் பெரும்பாலும் எம்.எல்.லுக்கு 40 யூனிட். அதற்குரிய சிரிஞ்சின் மூடி சிவப்பு. எம்.எல்.லுக்கு 100 யூனிட் இன்சுலினுக்குரிய சிரிஞ்சின் மூடி ஆரஞ்சு. சிரிஞ்சில் இருக்கும் கோடு யூனிட் என்று சொல்கிறது, ஆனால் அது உண்மையில் அளப்பது திரவத்தை. 40 வயலிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20ஆம் கோடு வரை இழுத்தால் வருவது 0.2 எம்.எல்., அதாவது 8 யூனிட்தான். தலைகீழாக, 100 இன்சுலினை சிவப்பு மூடி சிரிஞ்சில் 20ஆம் கோடு வரை இழுத்தால் 0.5 எம்.எல்., 50 யூனிட். முதலாவதில் சர்க்கரை இறங்காது, இரண்டாவதில் ஆள் மயங்கிவிடுவார். வயலில் 40 ஆ 100 ஆ, சிரிஞ்சில் 40 ஆ 100 ஆ, இரண்டையும் வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் ஊசியைக் குத்த வேண்டும். மூடியின் நிறத்தை மட்டும் நம்பாதே, மூடியைக் கழற்றியபின் நிறம் போய்விடும்.

ஐ.சி.யூ.வில் இன்சுலின் இன்ஃபியூஷனிலும் இதே கண்ணி உண்டு. 50 யூனிட்டை மொத்தம் 50 எம்.எல். ஆக்கினால் எம்.எல்.லுக்கு 1 யூனிட், பம்பில் போடுவது எளிது. புத்தகம் 100 யூனிட் வயலை நினைத்து "0.5 எம்.எல். எடு" என்று சொல்லியிருக்கும். உன் கையில் 40 வயல் இருந்தால் 1.25 எம்.எல். எடுக்க வேண்டும். 0.5 எடுத்தால் சிரிஞ்சில் இருப்பது 20 யூனிட். பம்ப் மணிக்கு 5 யூனிட் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கும்போது போவது 2.

டிரிப் கணக்கு உனக்கு வருகிறது என்பதால் ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். மைக்ரோ டிரிப் செட்டில் எம்.எல்.லுக்கு 60 சொட்டு, அதனால் நிமிடத்துக்கு எத்தனை சொட்டோ அதுவே மணிக்கு எத்தனை எம்.எல். மேக்ரோ செட்டுக்கு உறையில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார், 20 என்றும் இருக்கும், 15 என்றும் இருக்கும்.

தனியாகப் படிக்கும்போது புத்தகத்தின் கணக்குகளைத் திரும்பத் திரும்பப் போடுவதைவிட, போஸ்டிங்கில் காலியான ஆம்பியூல் அட்டைகள், வயல் பெட்டிகள் என்ன சொல்கின்றன என்று உன் நோட்டில் எழுதிக்கொண்டு வா. அதிலிருந்து நீயே கணக்கு உண்டாக்கு. ஒவ்வொன்றையும் மேலிருந்து கீழாக ஒருமுறை போட்டு, எத்தனை மணி நேரம் ஓடும் என்று எழுதி, நோட்டை மூடிவிடு. மறுநாள் விடையை மட்டும் ஒரு சீட்டில் வைத்துக்கொண்டு கீழிருந்து மேலாக ஏறு. ஹாஸ்டலில் தோழி ஒருத்தி சேர்ந்தால் இன்னும் நல்லது. ஆனால் அவள் உன் விடையைப் பார்க்காமல் போட வேண்டும். விடையைக் காட்டிவிட்டு "சரியா பாரு" என்று கேட்டால் யாரும் தலையாட்டிவிடுவார்கள். வார்டில் இரண்டாவது ஸ்டாஃப் சரிபார்க்கும்போதும் இதே விதிதான்.

தொடங்குவதற்கு மூன்று கணக்கு தருகிறேன். விடையை முதலில் பார்க்காதே.

முதலாவது: டோபமின் 400 மில்லிகிராம், மொத்தம் 50 எம்.எல்., எடை 54 கிலோ, டோஸ் 8 மைக்ரோகிராம். மணிக்கு எத்தனை எம்.எல்., சிரிஞ்ச் எவ்வளவு நேரம் ஓடும்?

இரண்டாவது: பம்பில் மணிக்கு 6 எம்.எல். ஓடுகிறது. லேபிளில் டோபமின் 200 மில்லிகிராம், 50 எம்.எல். எடை 40 கிலோ. என்ன டோஸ் போகிறது?

மூன்றாவது: 10 கிலோ குழந்தைக்குப் பாரசிட்டமால் கிலோவுக்கு 15 மில்லிகிராம். ஒரு பாட்டில் டிராப்ஸ், எம்.எல்.லுக்கு 100 மில்லிகிராம். இன்னொரு பாட்டில் சிரப், 5 எம்.எல்.லுக்கு 125 மில்லிகிராம். எதில் எவ்வளவு?

முதலாவதற்கு நிமிடத்துக்கு 432 மைக்ரோகிராம், மணிக்கு 25.92 மில்லிகிராம், 8 ஆல் வகுத்து 3.24 எம்.எல். பம்பில் 3.2 என்று போட்டு ஓடவிட்டால் 15 மணி நேரத்துக்கு மேல் வரும். கீழிருந்து ஏறினால் 8 வராது, 7.9 வரும். அது தசமத்தைச் சுருக்கியதால் வந்த வித்தியாசம், தப்பு இல்லை. இரண்டாவதற்கு மணிக்கு 24 மில்லிகிராம், நிமிடத்துக்கு 400 மைக்ரோகிராம், கிலோவுக்கு 10. மூன்றாவதற்குத் தேவை 150 மில்லிகிராம். டிராப்ஸில் 1.5 எம்.எல்., சிரப்பில் 6 எம்.எல். சிரப்புக்கான 6 எம்.எல்.லை டிராப்ஸ் பாட்டிலிலிருந்து ஊற்றினால் குழந்தைக்குப் போவது 600 மில்லிகிராம், நான்கு மடங்கு. வீட்டுக்கு அனுப்பும்போது தாயிடம் எம்.எல். அளவை மட்டும் சொல்லாமல், எந்தப் பாட்டில் என்பதையும் கையில் எடுத்துக் காட்டிச் சொல்.